ஃபேஸ் ஸ்வாப்பில் எந்தக் கன்னத்தைக் காட்டுவது? முகக் கோணல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்கெட் ஆள், அதாவது யாருடைய முகத்தை மாற்றப் போகிறோமோ அவர், இடது கன்னம் தெரிய நிற்கிறார். என்னிடம் இருப்பதெல்லாம் முகத்தைத் தரும் சோர்ஸ் ஆளின் வலது கன்னப் படங்கள். இடம் வலமாக ஃபிளிப் செய்து ஒட்டினால் போதாதா?

முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டுவதென்றால் பெரும்பாலும் போதும். அந்த முகத்தைத் தெரிந்தவர்களுக்குக் காட்டுவதென்றால் போதாது. ஒட்டிய இடம் கச்சிதமாக இருக்கும், தோல் நிறம் பொருந்தியிருக்கும், பார்ப்பவர் மட்டும் "அவர்தான், ஆனா அவர் மாதிரி இல்லையே" என்பார். மாஸ்க்கையும் நிறத்தையும் மறுபடி மறுபடி சரிசெய்வதில் நேரம் போகும். கோளாறு அங்கே இருக்காது, ஃபிளிப்பில் இருக்கும்.

ஃபிளிப் செய்யும்போது கோணல் இரட்டிப்பாகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மூக்கு நுனி நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால், ஃபிளிப் ஆனதும் அது ஒன்றரை மில்லிமீட்டர் இடப்பக்கம் போய் நிற்கும். உண்மையான இடத்திலிருந்து பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. மூக்கை நடுக்கோட்டுக்கே இழுத்து நேராக்கியிருந்தால்கூட பிழை அதில் பாதிதான்.

இடது, வலது என்றால் யாருடைய இடது, யாருடைய வலது?

இந்தப் பக்கம் முழுவதும் படத்தில் இருப்பவருடைய இடது, வலதுதான். பார்ப்பவருடையது அல்ல. இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால் இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரிலும் "இடது கன்னம்" என்றே எழுதுங்கள். "இடது பக்கம் பார்க்கிறார்" என்று எழுதினால் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் நேர்மாறாகவும் புரிந்துகொள்வார்.

எல்லோருடைய முகமும் கோணல்தானா? என் சோர்ஸ் முகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

எல்லோருக்கும் உண்டு. புருவம் ஒன்று மேலே இருக்கும், ஒரு கண் சற்றுச் சிறியதாக இருக்கும், தாடை ஒரு பக்கம் அகலமாக இருக்கும், சிரிக்கும்போது வாயின் ஒரு முனை முந்திக்கொண்டு மேலேறும். அது எவ்வளவு என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலைதான்.

நேராகக் கேமராவைப் பார்க்கும் படம் ஒன்றை எடுங்கள். உண்மையிலேயே நேராக இருக்கிறாரா என்பதைக் காதுகளை வைத்துப் பாருங்கள். இரண்டு காதும் ஏறக்குறைய சமமாகத் தெரிய வேண்டும். தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலும் மூக்கு ஒதுங்கித்தான் தெரியும், அதைக் கோணல் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே படத்தை நம்பாமல் வேறு வேறு நேரத்தில் எடுத்த சில படங்களில் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரே பக்கம் ஒதுங்கியிருப்பதுதான் முகத்தின் சொந்தக் கோணல்.

அடுத்து, இரண்டு கண்மணிகளும் ஒரே மட்டத்தில் வரும்படி படத்தைச் சுழற்றுங்கள். கண்மணிகளுக்கு நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இறக்குங்கள். மூக்கு நுனி, மேலுதட்டுப் பள்ளம், மோவாயின் நடு ஆகிய மூன்றும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பிக்சலில் குறியுங்கள். புருவங்களின் உயர வித்தியாசத்தையும் வாய் முனைகளின் உயர வித்தியாசத்தையும் குறியுங்கள்.

பிக்சலை மில்லிமீட்டராக மாற்ற ஒரு வழி உண்டு. பெரியவர்களுக்குக் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். படத்தில் அது 240 பிக்சல் என்றால், ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட நான்கு பிக்சல். ஆளுக்கு ஆள் மாறும் அளவுதான், ஆனால் இந்த வேலைக்கு அது போதும்.

எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எதை விடக் கூடாது? என் கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவானவற்றை விட்டுவிடலாம். இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிய புருவமோ வாய் முனையோ இருந்தால் அந்த முகத்தை ஃபிளிப் செய்வதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பேன். மச்சம், தழும்பு, ஒரு பக்கக் கன்னக்குழி, முன்பல்லில் ஒரு விளிம்பு உடைந்திருப்பது போன்றவற்றுக்கு அளவே கிடையாது. சின்னதாக இருந்தாலும் தெரிந்தவர் கண்ணில் படும்.

எந்தக் கோணத்தில் ஃபிளிப் ஆபத்து அதிகம்?

பலர் முழுப் பக்கவாட்டுத்தான் கடினம் என்று நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் அது தலைகீழ்.

முழுப் பக்கவாட்டில், அதாவது தலை 90 டிகிரி திரும்பியிருக்கும்போது, நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் என்று வெளிக்கோடு போகிறதே, அது முகத்தின் நடுக்கோடு. இடப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் வலப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய அதே கோடுதான். தெரிவது ஒரே கண், ஒரே புருவம். ஒப்பிட்டுப் பார்க்க மறு பக்கம் இல்லை. மச்சத்தையும் காதையும் கவனித்துக்கொண்டால் ஃபிளிப் இங்கே பெரும்பாலும் தப்பிவிடும்.

நேர்முகத்தில் எல்லாக் கோணலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் தெரியும். ஃபிளிப் மிக வெளிப்படையாகத் தெரிவது இங்கேதான். ஆனால் நேர்முகத்துக்கு ஃபிளிப் தேவையே இல்லை, அதனால் சிக்கலும் இல்லை. ஒளி எதிர்ப்பக்கம் இருக்கிறதே என்று நேர்முகத்தையும் ஃபிளிப் செய்பவர்கள் இருக்கிறார்கள். நிழலைச் சரிசெய்ய முகத்தையே மாற்றுவது அது.

நடைமுறையில் அதிகம் தொல்லை தருவது முக்கால் கோணம், அதாவது தலை 30 முதல் 50 டிகிரி வரை திரும்பிய நிலை. மூக்கு வலப்பக்கம் ஒதுங்கியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை வலது கன்னப் பக்கமிருந்து பார்த்தால் மூக்கு நுனி கேமரா பக்கமாகச் சாய்ந்திருக்கும், மூக்கு சற்றுக் குட்டையாகத் தெரியும், தூரத்துக் கன்னம் தாராளமாக எட்டிப் பார்க்கும். அதே ஆளை இடது கன்னப் பக்கமிருந்து பார்த்தால் நுனி கேமராவை விட்டு விலகிப் போகும், மூக்கு நீண்டு தெரியும், தூரத்துக் கன்னத்தை அதிகமாக மறைக்கும். ஒரே ஆளுக்கு முக்கால் கோணத்தில் இரண்டு மூக்கு உண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். வலது கன்னப் படத்தை ஃபிளிப் செய்து இடது கன்னமாகக் காட்டும்போது நீங்கள் தருவது தப்பான மூக்கை. மச்சத்தை அழித்து, புருவத்தைத் திருத்திய பிறகும் "ஏதோ இடிக்குது" என்று தோன்றினால் மூக்கைப் பாருங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு "நல்ல பக்கம்" உண்டு என்கிறார்களே. சோர்ஸில் அந்தப் பக்கத்தைக் காட்டினால் நன்றாக வராதா?

ஓவியங்களில் இடது கன்னம் காட்டும் பழக்கம் உண்மைதான். மெக்மானஸ், ஹம்ஃப்ரி என்ற இருவர் 1973இல் 'நேச்சர்' இதழில் 1,474 உருவப்படங்களை எண்ணி எழுதினார்கள். சுமார் 60 சதவீதத்தில் இடது கன்னமே முன்னால் இருந்தது, பெண்களின் படங்களில் இன்னும் அதிகம். 1978இல் 'சயின்ஸ்' இதழில் வந்த சாக்கீம் குழுவின் ஆய்வு, உணர்ச்சி முகத்தின் இடப் பாதியில் கூடுதல் அழுத்தமாகத் தெரிகிறது என்றது. ஒரே பாதியை இரண்டு பக்கமும் வைத்து ஒட்டிய முகங்களைக் காட்டித்தான் அதைச் சோதித்தார்கள்.

ஆனால் ஸ்வாப்பில் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, டார்கெட். டார்கெட் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தக் கன்னம்தான் வேண்டும். நல்ல பக்கம் என்ற யோசனை படப்பிடிப்புக்கு முன்னால், நடிகருக்குப் பதிலாக நடிக்கும் டபுளை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முடிவு செய்யும்போது பயன்படும். அப்போதும் நான் அழகான பக்கத்தைக் கேட்க மாட்டேன், சோர்ஸ் படங்கள் எந்தப் பக்கத்தில் அதிகம் இருக்கின்றன என்றுதான் கேட்பேன்.

ஒரு முழு எடுத்துக்காட்டு சொல்லுங்களேன்.

ஒரு குறும்படம். நடிகருக்குக் காலில் அடி, அவர் சம்மதத்தோடு ஒரு டபுளை வைத்து மூன்று ஷாட் எடுத்தாயிற்று. நடிகரின் முகத்தை அதில் வைக்க வேண்டும். சோர்ஸாக இருப்பது அவர் முன்பு கொடுத்த நீண்ட பேட்டி. கேமரா அவருக்கு வலப்பக்கம் இருந்ததால் நேர்முகமும் வலது கன்னமும்தான் கிடைக்கும்.

நேர்முகப் படத்தில் அளந்தால், கண்மணி இடைவெளி 240 பிக்சல். மூக்கு நுனி வலப்பக்கம் 5 பிக்சல், அதாவது 1.3 மில்லிமீட்டர். இடது புருவம் 9 பிக்சல் உயரம், சுமார் 2.4 மில்லிமீட்டர். வலது வாய் முனை 6 பிக்சல் மேலே. வலது கன்னத்தில் ஒரு மச்சம்.

முதல் ஷாட்டில் டபுள் ஓடி வந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறார். பேட்டியின் நேர்முகப் பகுதிகளே போதும். ஃபிளிப் வேண்டாம்.

மூன்றாவது ஷாட்டில் டபுள் வண்டியில் போகிறார், முழுப் பக்கவாட்டு, இடது கன்னம். பேச்சு இல்லை. மேலே சொன்னபடி இங்கே ஃபிளிப் செய்யலாம். வலது கன்ன மச்சம் இடது கன்னத்துக்கு வந்துவிடும், அதை அழித்துவிட வேண்டும். இடது கன்னத்தில் உண்மையில் மச்சம் இல்லாததால் அழித்ததோடு வேலை முடிந்தது. இடது புருவம்தான் உயரமானது என்பதால் அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது ஷாட்தான் தலைவலி. டபுள் 40 டிகிரி திரும்பி, இடது கன்னம் தெரிய, வசனம் பேசுகிறார். ஃபிளிப் செய்தால் மூக்கு எதிர்ப்பக்கம் சாயும், உயர்ந்த புருவம் தூரத்துக்குப் போய்விடும், சிரிப்பு இடது முனையிலிருந்து தொடங்கும். பேசும் முகத்தில் இவை ஒவ்வொரு ஃபிரேமிலும் அசையும். படத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபை போட்டு ஒரு போட்டோவில் திருத்தலாம், நூற்றுக்கணக்கான ஃபிரேம்களில் அது அலைபாயும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, நடிகரை உட்கார வைத்துப் புதிதாக எடுப்பது. கால் அடிபட்டவர்தானே, உட்கார முடியும். கேமராவை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் அருகிலுள்ள கன்னமும் மூக்கும் பெருத்துத் தெரியும், அது வேறு ஒரு பொய்க் கோணலைச் சேர்க்கும். நேர்முகத்திலிருந்து இடது கன்னம் முழுதாகத் தெரியும் வரை அவர் மெல்லத் தலையைத் திருப்பட்டும். பிறகு அந்த 40 டிகிரியில் நின்று வசனத்தைச் சில தடவை பேசட்டும், கண்ணை மூடித் திறக்கட்டும், மேலேயும் கீழேயும் பார்க்கட்டும். ஒளி இரண்டாவது ஷாட்டில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம். அரை மணி நேரத்துக்குள் முடியும். ஃபிளிப்பைச் சரிக்கட்ட ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இரண்டாவது வழி பலருக்குத் தோன்றுவதில்லை. முகத்தை விட்டுவிட்டு ஷாட்டையே ஃபிளிப் செய்வது. டார்கெட் வீடியோவை இடம் வலமாக மாற்றினால் டபுளின் இடது கன்னம் வலது கன்னமாகிவிடும். அதன்மேல் நடிகரின் உண்மையான வலது கன்னத்தை வையுங்கள். முடிந்ததும் ஷாட்டை மறுபடி திருப்பக் கூடாது, திருப்பினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஷாட் ஃபிளிப் ஆன நிலையிலேயே படத்தில் போகும். இதற்குப் பின்னணியில் எழுத்துகள் இருக்கக் கூடாது, சட்டைப் பை, கைக்கடிகாரம், தலை வகிடு எதுவும் பக்கத்து ஷாட்டோடு மோதக் கூடாது, எதிரே பேசுபவரின் பார்வைத் திசையும் ஒத்துப்போக வேண்டும். எடிட்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

DeepFaceLab என்ற ஸ்வாப் மென்பொருளில் மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஃபிளிப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறதே. என்ன பதில் கொடுப்பது?

SRC என்றால் சோர்ஸ், DST என்றால் டார்கெட். `Flip SRC faces randomly` என்பதற்கு `n`. `Flip DST faces randomly` என்பதற்கு `y` என்றே இருக்கட்டும். இரண்டும் அதன் இயல்பான விடைகள்தான்.

சோர்ஸ் ஃபிளிப்பை `y` என்று வைத்தால் மாடல் ஒரே முகத்தை அதன் கண்ணாடி பிம்பத்தோடு சேர்த்துப் படிக்கிறது. உயர்ந்த புருவம் ஒரு படத்தில் இடது, அடுத்ததில் வலது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கற்றுக்கொள்ளும். விளைவு, முகம் சமச்சீராகி, மழுங்கி, வேறு யாரோ போல ஆகும். மச்சம் இருந்தால் இரண்டு கன்னத்திலும் மங்கலாக ஒரு நிழல் விழும். அந்த நிழலைப் பார்த்தாலே போதும், யாரோ சோர்ஸ் ஃபிளிப்பைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். டார்கெட் ஃபிளிப் அப்படி இல்லை, அது முகபாவங்களையும் கோணங்களையும் பரவலாகப் புரிந்துகொள்ள உதவுகிறது. சோர்ஸ் முகத்தின் இடது, வலதைக் குழப்புவதில்லை.

சரி, சோர்ஸில் இடது கன்னமே இல்லை என்றால்? `n` வைத்தால் அந்தக் கோணத்தில் முகம் மங்கும், அல்லது டார்கெட் ஆளின் சாயல் எட்டிப் பார்க்கும். அப்போது சிலர் தொடக்கத்தில் `y` வைத்துக் கோணங்களைப் பழக்கிவிட்டு, பின்பாதியில் `n`க்கு மாறுகிறார்கள். பயிற்சியை மறுபடி தொடங்கும்போது, அமைப்புகளை மாற்ற Enter அழுத்தச் சொல்லி இரண்டு விநாடி தரும், அங்கே மாற்றலாம். ஓரளவு பலன் உண்டு. ஆனால் இல்லாத இடது கன்னத்தை எந்த அமைப்பும் உருவாக்கித் தராது.

நான் விரும்புவது வேறு வழி. எந்தக் கோணம் குறைகிறதோ அதை மட்டும், அதிலும் முழுப் பக்கவாட்டுக்கு நெருங்கியவற்றை மட்டும் எடுத்து ஃபிளிப் செய்து சோர்ஸில் சேர்ப்பது. நேர்முகத்தையும் முக்கால் கோணத்தையும் தொடுவதே இல்லை. முகங்களைத் தலை திரும்பிய அளவுப்படி வரிசைப்படுத்தும் வசதி இருப்பதால் எந்தக் கோணம் காலி என்று உடனே தெரியும்.

ஆனால் ஒன்று. `aligned` கோப்புறையில் இருக்கும் முகப் படங்களை நேரடியாக ஒரு எடிட்டரில் திறந்து ஃபிளிப் செய்யாதீர்கள். கண், மூக்கு, வாய்ப் புள்ளிகளின் விவரம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. சேமிக்கும்போது அது அழிந்துவிடும், அல்லது புள்ளிகள் பழைய பக்கத்திலேயே நிற்கும். மூல வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டி, அதை ஃபிளிப் செய்து, அப்புறம் முகங்களைப் பிரித்தெடுங்கள்:

```
ffmpeg -i valathu.mp4 -vf hflip idathu.mp4
```

inswapper_128 போன்ற, ஒரே போட்டோவை வைத்துச் செய்யும் ஸ்வாப்பில் சோர்ஸை ஃபிளிப் செய்து பார்த்தேன். எந்த வித்தியாசமும் இல்லையே?

இருக்காது. அந்த வகைக் கருவிகள் சோர்ஸ் படத்தின் பிக்சல்களைக் கொண்டுபோய் ஒட்டுவதில்லை. முக அடையாளத்தை 512 எண்களாகச் சுருக்கி, அந்த எண்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அப்படிச் சுருக்கும் மாடல்கள் ஃபிளிப் செய்த படங்களையும் அதே ஆள் என்றே படித்து வளர்ந்தவை. எந்தப் புருவம் உயரம், மூக்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அங்கே ஏறக்குறைய தொலைந்துவிடுகிறது.

அதனால் விளைவில் தெரியும் கோணல் பெரும்பாலும் டார்கெட் ஆளுடையது. டபுளின் இடது வாய் முனை மேலேறிச் சிரிக்கும் என்றால், உங்கள் நடிகரும் அப்படித்தான் சிரிப்பார். இங்கே சோர்ஸின் பக்கத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தெளிவான நேர்முகப் படம் ஒன்று கொடுங்கள். மச்சத்தையும் தழும்பையும் கடைசியில் தனி லேயராக, சரியான கன்னத்தில் சேருங்கள்.

சோர்ஸ் படங்கள் முழுக்க செல்ஃபிகள். சில ஏற்கெனவே ஃபிளிப் ஆனவை போலத் தெரிகிறது. எப்படிப் பிரிப்பது?

ஐஃபோனின் முன் கேமரா, எடுக்கும்போது கண்ணாடி போலக் காட்டினாலும், சேமிக்கும்போது இயல்பாக நேராக்கிவிடும். Mirror Front Camera என்ற அமைப்பைப் போட்டிருந்தால் கண்ணாடிப் படமாகவே சேமிக்கும். மற்ற ஃபோன்களில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. கண்ணாடி முன் நின்று எடுத்தவை எப்போதும் ஃபிளிப்தான். ஆகவே ஒரே ஆளின் செல்ஃபித் தொகுப்பில் இரண்டு வகையும் கலந்திருப்பது சாதாரணம். கவனிக்காமல் பயிற்சிக்குக் கொடுத்தால், சோர்ஸ் ஃபிளிப்பை `y` வைத்த அதே மழுங்கல் வந்து சேரும். அமைப்புகளையெல்லாம் சரியாக வைத்தும் இப்படி ஆகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

பிரிப்பதற்கு மச்சமோ தழும்போ இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் சட்டை எழுத்தைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பை அணிந்தவரின் இடப்பக்கம் இருக்கும், பொத்தான்கள் வலப்பக்கம் தைத்திருக்கும். அதுவும் தெரியாத படங்களில் நம்பகமான நேர்முகப் படம் ஒன்றை அருகில் வைத்துப் புருவ உயரத்தை ஒப்பிடுங்கள். முடிவுக்கு வர முடியாத படத்தைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடுங்கள், ஒன்றிரண்டு குறைந்தால் நட்டமில்லை.

தொல்லையே வேண்டாம் என்று சோர்ஸ் முகத்தைச் சமச்சீராக்கிவிட்டால் என்ன?

ஒரு பாதியை நகலெடுத்து மறுபாதியில் ஒட்டினால் வருவது இன்னொருவர் முகம். இடப் பாதியை இரட்டித்தால் ஒருவர், வலப் பாதியை இரட்டித்தால் வேறொருவர், இரண்டுமே அசல் ஆள் இல்லை. முகம் கொஞ்சம் பொம்மைத்தனமாகவும் இருக்கும்.

ஆனால் ஃபிளிப் செய்தே தீர வேண்டும் என்ற நிலையில், பாதி வழி வரை போவது புத்திசாலித்தனம். ஃபிளிப் செய்த மூக்கை நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், புருவங்களைச் சம உயரம் ஆக்குங்கள். அதற்கு மேல் எதிர்ப்பக்கம் தள்ள முயல வேண்டாம். முதல் கேள்வியில் சொன்னபடி பிழை பாதியாகிவிடும், அளவு பெரிதாக இல்லாத முகங்களுக்கு அது போதும். தாடைக்கோட்டைத் தொட வேண்டியதில்லை, பல ஸ்வாப்களில் அது டார்கெட்டிலிருந்தே வருகிறது.

ஃபிளிப் செய்ததில் ஒளியும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. முகம் சரியாக இருக்கிறது, என்ன செய்வது?

கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளியை முதலில் பாருங்கள். அது டார்கெட்டின் ஒளியோடு முரண்பட்டால் அழித்துவிட்டு, டார்கெட் படத்தில் இருந்த இடத்தில் வையுங்கள். கன்னத்து நிழலை, வெளிச்சம் கூட்டும் டாட்ஜ், இருட்டாக்கும் பர்ன் கொண்டு ஓரளவு மாற்றலாம். மூக்கு ஒரு கன்னத்தின்மேல் கூர்மையான நிழல் போட்டிருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படம் தேடுங்கள்.

நடிகரிடம் காட்டினேன், "பிரமாதம்" என்றார். அவர் மனைவி மட்டும் "இது அவர் இல்லை" என்கிறார். யாரை நம்புவது?

மனைவியை. மனிதர் தன் முகத்தைத் தினமும் பார்ப்பது கண்ணாடியில், அதாவது ஃபிளிப் ஆன நிலையில். அவருக்கு அதுதான் பழகிய முகம். மற்றவர்கள் பார்த்துப் பழகியது அசலை. 1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். தன் படத்தின் இரண்டு வடிவங்களைக் காட்டினால் ஆட்கள் கண்ணாடி வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் போக்கு இருந்தது, அவர்களுடைய நெருங்கியவர்கள் அசல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே ஃபிளிப் செய்த ஸ்வாப்பை மதிப்பிட மிகவும் பொருந்தாத ஆள் சோர்ஸ் முகத்துக்குச் சொந்தக்காரர்தான். அவர் சம்மதம் வேண்டும், அது வேறு விஷயம். ஒத்திருக்கிறதா என்ற கேள்வியை அவரோடு தினமும் பழகும் ஒருவரிடம் கேளுங்கள். ஃபிளிப் செய்திருக்கிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல், அசல் ஷாட் ஒன்றோடு சேர்த்துக் காட்டுங்கள். நீங்களும் வாரக்கணக்கில் அந்த ஃபிளிப் முகத்தையே திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் கண்ணும் நடிகரின் கண் போல ஆகியிருக்கும். அப்போது உங்கள் தீர்ப்பையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மச்சம் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு இடத்தில் நடுங்குகிறது. எந்தப் பக்கம் வைத்தாலும் இதே கதை.

மச்சத்தை மாடலிடம் விடாதீர்கள். சோர்ஸைப் புதிதாக எடுக்கும் வாய்ப்பு இருந்தால் மேக்கப்பால் மறைத்து எடுங்கள். இல்லையென்றால் பயிற்சி முடிந்த பிறகு வரும் முகத்தில் அதை அழித்துவிட்டு, கன்னத்தில் ஒரு புள்ளியை டிராக் செய்து மச்சத்தைத் தனியாக ஒட்டுங்கள். ஃபிளிப் செய்த ஷாட்டாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எந்தக் கன்னத்தில் வர வேண்டும் என்பதை அப்போது நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.